காட்சி ஒன்பது விநாடி, வரி பதினான்கு விநாடி: கார்ப்பரேட் வீடியோவுக்கு வாய்ஸ் ஓவர் எழுதுவது

"அண்ணா, நாங்கள் காட்பாடியில் கல்யாண வீடியோ எடுக்கும் சின்ன யூனிட். ராணிப்பேட்டை பக்கம் தோல் பதனிடும் டேனரியும் ஷூ யூனிட்டும் வைத்திருக்கும் ஒரு கம்பெனிக்கு முதல்முறையாக மூன்று நிமிட கார்ப்பரேட் வீடியோ செய்கிறோம். அவர்கள் கொடுத்த ஆங்கில பிரோஷரைத் தமிழாக்கி வாய்ஸ் ஓவர் எழுதினேன். பேப்பரில் படித்தால் நன்றாக இருக்கிறது. குரல் கொடுத்தால் செய்தி வாசிப்பது மாதிரி இருக்கிறது, காட்சிக்குள்ளும் அடங்கவில்லை. எப்படி எழுதுவது?"

தம்பி, உங்களுக்கு இருப்பது இரண்டு பிரச்சினை மாதிரி தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். பிரோஷர் கண்ணுக்காக எழுதப்பட்டது. படிப்பவர் நிறுத்தலாம், திரும்பிப் போகலாம், பிடிக்காத வரியைத் தாண்டலாம். வாய்ஸ் ஓவரைக் கேட்பவருக்கு அந்த வசதி எதுவும் கிடையாது. அதனால் பிரோஷரைத் திருத்த ஆரம்பித்தால் வேலை முடியாது. அதை மூடி வைத்துவிட்டு, எடிட் செய்த காட்சியைத் திரையில் ஓடவிட்டு, கையில் விநாடிக் கணக்கோடு புதிதாக எழுதுங்கள்.

முதலில் கணக்கு. பலரும் சொற்களை எண்ணுகிறார்கள். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 150 சொல் என்ற கணக்கு ஓரளவு ஓடும். தமிழில் அது உதவாது. 'தோல்' ஒரு சொல், 'அனுப்பப்படுகின்றன' என்பதும் ஒரு சொல்தான். முதலாவது கண் இமைக்கும் நேரம், இரண்டாவது ஒன்றரை விநாடிக்கு மேல். ஆனால் தமிழ் எழுத்து நமக்கு ஒரு நல்ல வசதி செய்து கொடுத்திருக்கிறது. புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்ற எழுத்துகளை எண்ணினால், வாய் எத்தனை முறை திறக்கிறது என்ற கணக்கு கிட்டத்தட்ட வந்துவிடும். 'தொழிற்சாலை' என்றால் தொ, ழி, சா, லை என்று நான்கு. 'அனுப்பப்படுகின்றன' என்றால் எட்டு.

நிதானமாக, தெளிவாகப் பேசும் கார்ப்பரேட் குரல் விநாடிக்குச் சுமார் ஐந்து எழுத்து போகும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. குரல் கொடுப்பவரைப் பொறுத்து இது மாறும். அதனால் ஆள் முடிவானதும் 150 எழுத்து வரும் ஒரு பத்தியை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவருடைய வேகத்தில் படித்து அனுப்பச் சொல்லுங்கள். முப்பது விநாடியில் முடித்தால் ஐந்து. இருபத்தைந்தில் முடித்தால் ஆறு. அதன் பிறகு அந்தப் படத்துக்கு அதுதான் உங்கள் அளவுகோல்.

இதை ஒரு காட்சியில் வைத்துப் பார்க்கலாம். உங்கள் படத்தில் கட்டிங் பிரிவு கட்டாயம் இருக்கும். எடிட்டில் அது 00:42-இல் தொடங்கி 00:51 வரை, ஒன்பது விநாடி, என்று வைத்துக்கொள்வோம். உள்ளே மூன்று ஷாட், ஒவ்வொன்றும் மூன்று விநாடி. மேசையில் தோலை விரிக்கிறார்கள். கட்டர் கையால் தடவி, தழும்பு உள்ள இடத்தைக் குறிக்கிறார். தோலை வெட்டும் அச்சான டையை வைத்து பிரஸ் இறங்குகிறது. இதற்கு பிரோஷர் வழி வரும் வரி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"எங்கள் நிறுவனத்தில் உலகத் தரம் வாய்ந்த அதிநவீன இயந்திரங்களைப் பயன்படுத்தி திறமையான பணியாளர்களால் தோல்கள் துல்லியமாக வெட்டப்பட்டு அடுத்தகட்ட பணிக்கு அனுப்பப்படுகின்றன."

பதினாறே சொல். பார்த்தால் சின்ன வரி மாதிரிதான் இருக்கிறது. எழுத்தை எண்ணுங்கள், 68 வரும். விநாடிக்கு ஐந்து என்றால் பதிமூன்றரை விநாடிக்கு மேல், அதுவும் நடுவில் மூச்சு விடாமல். காட்சியோ ஒன்பது விநாடி. இங்கேதான் குரல் கொடுப்பவரை "கொஞ்சம் வேகமா சார்" என்று விரட்ட ஆரம்பிக்கிறோம். அவர் வேகம் கூட்டியதும் பேச்சு போய், வாசிப்பு வந்துவிடுகிறது.

ஒன்பது விநாடியும் குரலுக்குச் சொந்தமில்லை. புதுக் காட்சி வந்ததும் கண் அதைப் பிடிக்க அரை விநாடி கொடுங்கள், அதாவது விநாடிக்கு 25 ஃப்ரேம் ஓடும் டைம்லைனில் பன்னிரண்டு ஃப்ரேம். கடைசியில் ஒரு விநாடி விடுங்கள், அந்த பிரஸ் இறங்கும் சத்தம் கேட்கட்டும். மிச்சம் ஏழரை விநாடி. ஐந்தால் பெருக்கினால் 37 எழுத்து. இந்தக் காட்சிக்கு உங்கள் பட்ஜெட் அவ்வளவுதான்.

இப்போது 68-ஐ 37 ஆக்க உட்கார்ந்தால் முதலில் கை போவது பெயரடைகளுக்கு. 'உலகத் தரம் வாய்ந்த' போகட்டும், 'அதிநவீன' போகட்டும். சரிதான், ஆனால் மிஞ்சுவது "இயந்திரங்களைப் பயன்படுத்தி தோல்கள் வெட்டப்படுகின்றன". இது அடங்கும், ஆனால் இதைத்தான் கண் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கிறது. காது தனியாக எதுவும் வாங்கவில்லை. படத்தில் தெரியாத ஒன்றைச் சொல்வதுதான் குரலுக்கு வேலை.

அந்த ஒன்று பிரோஷரில் கிடைக்காது, கட்டிங் மேசையில்தான் கிடைக்கும். அந்தப் பிரிவு சூப்பர்வைசரிடம் போய் "இங்கே என்ன செய்கிறீர்கள்" என்று கேட்டு போனில் பதிவு செய்யுங்கள். யாரும் உங்களிடம் "துல்லியமாக வெட்டப்படுகிறது" என்று சொல்லமாட்டார்கள். "எல்லாத் தோலும் ஒண்ணா இருக்காது சார். மாட்டுக்கு முள்ளு கீறியிருக்கும், தழும்பு இருக்கும். வயித்துப் பக்கம் இழுக்கும், முதுகுப் பக்கம் இழுக்காது. அதெல்லாம் பாத்துட்டுதான் டை வைக்கணும்" என்கிற மாதிரிதான் பேசுவார்கள். உங்கள் வரி இதற்குள் இருக்கிறது:

"ஒரு தோலைப் போல இன்னொரு தோல் இருக்காது. தழும்பு எங்கே, இழுவை எந்தப் பக்கம்... பார்த்த பிறகுதான் வெட்டு."

எண்ணிப் பாருங்கள், 34 எழுத்து. பட்ஜெட்டில் மூன்று மிச்சம். முதல் வாக்கியம் 14 எழுத்து. அரை விநாடியில் தொடங்கினால் 3.3-இல் முடியும், அப்போது தோலை விரித்தாகிவிட்டது, இரண்டாவது ஷாட் வந்துவிட்டது. 'தழும்பு' என்ற சொல் வரும்போது திரையில் கட்டரின் விரல் தழும்பின் மேல் இருக்கிறது. 'வெட்டு' ஏழரை விநாடிக்குப் பக்கத்தில் வருகிறது. அந்த ஷாட்டில் பிரஸ் இறங்கும் ஃப்ரேம் கொஞ்சம் முன்பின்னாக இருந்தால், ஷாட்டை நாலைந்து ஃப்ரேம் நகர்த்தி, சொல் முடிந்ததும் இறங்குகிற மாதிரி வையுங்கள். 'அதிநவீன', 'திறமையான' இரண்டையும் நாம் சொல்லவே இல்லை. பார்ப்பவர் தாமாகவே சொல்லிக்கொள்வார்.

சொல்லும் காட்சியும் சேர்ந்து விழுவதில்தான் தமிழில் எழுதுபவர் அதிகம் தவறுகிறார். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். விளக்கங்கள் எல்லாம் பெயருக்கு முன்னால் வரிசை கட்டி நிற்கும். ஆங்கில வரியை அப்படியே கொண்டுவந்தால், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது வாயில் வருவதற்குள் படம் அடுத்த ஷாட்டுக்குப் போயிருக்கும். லாஸ்டிங் காட்சியைப் பாருங்கள். முதல் ஷாட் லாஸ்ட், அந்தக் கால் வடிவ அச்சு மட்டும், குளோசப். அடுத்து சூடாகி வரும் அப்பர், அதாவது ஷூவின் மேற்பகுதி. அப்புறம் மெஷின் அதை லாஸ்டின் மேல் இழுத்துப் பிடிக்கிறது.

"இயந்திரத்தின் உதவியுடன், வெப்பத்தால் மென்மையாக்கப்பட்ட மேற்பகுதி, கால் வடிவ அச்சின் மீது இழுத்துப் பொருத்தப்படுகிறது."

இலக்கணம் சரி. ஆனால் அச்சு திரையில் இருக்கும்போது குரல் இயந்திரத்தைப் பற்றிப் பேசுகிறது. 'அச்சு' என்ற சொல் வரும்போது மெஷின் இழுத்துக்கொண்டிருக்கிறது. 'இழுத்து' என்று கேட்கும்போது அந்த ஷாட்டே முடியப் போகிறது. பார்ப்பவருக்கு எங்கே இடறுகிறது என்று தெரியாது. ஆனால் கவனம் விலகிவிடும். அதையே உடைத்துப் போட்டால்:

"இது லாஸ்ட். காலின் அளவு இதில்தான். சூடான அப்பரை இதன்மேல் இழுத்துப் பிடித்தால், ஷூவின் வடிவம் வந்துவிடும்."

முதல் வாக்கியத்தில் வினையே இல்லை. தமிழுக்கு அது தேவையும் இல்லை. 'இது கட்டிங் பிரிவு', 'ஒரு நாளில் மூவாயிரம் ஜோடி', 'எல்லாம் கையால்தான்' என்று வினை இல்லாமலே முழு வாக்கியம் சொல்ல நம்மால் முடியும். வாய்ஸ் ஓவருக்கு இது பெரிய சொத்து. பிரோஷரைப் பெயர்த்து எழுதும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு 'உள்ளது', 'ஆகும்' ஒட்டிவிடுகிறோம். அதைக் கழற்றினாலே பாதி வரிகள் பேச ஆரம்பித்துவிடும்.

செய்தி வாசிப்பது மாதிரி இருக்கிறது என்றீர்களே, அதற்குக் காரணம் பெரும்பாலும் வாக்கியத்தின் வால்தான். உங்கள் ஸ்கிரிப்டில் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் கீழே கீழே எழுதிப் பாருங்கள். செய்யப்படுகிறது, மேற்கொள்ளப்படுகிறது, அனுப்பப்படுகின்றன, கொண்டுள்ளது, விளங்குகிறது என்று வந்தால், எவ்வளவு நல்ல குரல் கொடுத்தாலும் அது செய்தியாகத்தான் ஒலிக்கும். எல்லா வாக்கியமும் ஒரே தாளத்தில் இறங்குவதால் குரல் கொடுப்பவருக்கும் வேறு வழி இல்லை. முதலில் 'படு' போகவேண்டும். யார் செய்கிறார்கள் என்று சொல்லுங்கள். 'செய்கிறோம்', 'தைக்கிறார்கள்', 'அனுப்புகிறோம்'. பிறகு நாலு வாக்கியத்துக்கு ஒன்று வினையில்லாமல், ஒன்று 'தான்' என்று முடிகிற மாதிரி, எங்கேயாவது ஒரு கேள்வி. கேள்வியை அளவாக வையுங்கள். மூன்று நிமிடத்தில் ஒன்று போதும், இரண்டாவது வந்தால் விளம்பரமாகிவிடும்.

அதற்காக 'பண்றோம்', 'வருது' என்று முழுப் பேச்சுத் தமிழுக்கு இறங்க வேண்டுமா? இந்தப் படத்துக்கு வேண்டாம் என்பேன். குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்துக் கிராமங்களில் ஆள் எடுப்பதற்காகப் போடும் இரண்டு நிமிட வீடியோ என்றால் பேச்சுத் தமிழ் பொருந்தும், அதுதான் பலனும் தரும். கம்பெனியின் பொதுவான படத்தில் சொல் வரிசையும் வாக்கிய நீளமும் பேச்சிலிருந்து வரட்டும், வினை முடிவு மட்டும் எழுத்துத் தமிழாக நிற்கட்டும். முதலாளியோ சூப்பர்வைசரோ கேமரா முன் பேசும் இடத்தில் அவர்கள் பேச்சை அப்படியே விடுங்கள். அந்த வித்தியாசம் படத்துக்கு நல்லது. ஒன்று கவனியுங்கள்: முதலாளி தன் பேட்டியில் சொன்னதையே குரல் மறுபடி சொல்லக்கூடாது. இரண்டில் ஒன்றை வெட்ட வேண்டி வந்தால் குரலை வெட்டுங்கள்.

எண்கள் தனி வில்லங்கம். திரையில் 1987 நாலே இலக்கம். வாயில் 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு', பதிமூன்று எழுத்து, இரண்டரை விநாடிக்கு மேல். தொடக்கக் காட்சி ஐந்து விநாடி என்றால் பாதி ஆண்டுக்கே போய்விடும். 'எண்பத்தேழில் தொடங்கினோம்' என்று சொல்லுங்கள், நாம் பேசுவதும் அப்படித்தான். முழு ஆண்டை இலக்கமாகத் திரையில் போடுங்கள். 'முப்பத்தெட்டு ஆண்டுகளாக' என்று மட்டும் எழுதாதீர்கள். இந்த வீடியோ கம்பெனியின் இணையதளத்தில் ஐந்தாறு வருடம் கிடக்கும், அடுத்த வருடமே அந்தக் கணக்கு பொய்யாகிவிடும். ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் எண், சதுர அடி, ஏற்றுமதி நாடுகளின் பட்டியல் எல்லாம் திரைக்கு. குரலுக்கு ஒரு காட்சியில் ஒரு எண், அதுவும் கேட்டவுடன் மனதில் நிற்கும் எண்.

எண்களோடு ஊர்ப் பெயரையும் சரிபாருங்கள். நம் பக்கத்துக் கம்பெனிகளின் பழைய பிரோஷர்களில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்றோ 'வேலூர் மாவட்டம், ராணிப்பேட்டை' என்றோ இருக்கும். 2019-இல் வேலூர் மாவட்டத்தைப் பிரித்தபோது ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆகிவிட்டன. கம்பெனிக்கு ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ இன்னொரு யூனிட் இருந்தால் அது திருப்பத்தூர் மாவட்டம். பதிவு முடிந்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் ஸ்டுடியோவுக்கு மறுபடி போகவேண்டி வரும்.

டேனரி உள்ள கம்பெனி என்பதால் சுத்திகரிப்பு நிலையக் காட்சி ஒன்றும் கேட்பார்கள். வழக்கமாக அதற்கு வரும் வரி, "சுற்றுச்சூழல் பாதுகாப்பில் எங்கள் நிறுவனம் மிகுந்த அக்கறை கொண்டுள்ளது". இந்த ஊரில் இந்த வரிக்கு எந்த மதிப்பும் கிடையாது. பாலாற்றைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். தோல் கழிவுநீர் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996-இல். அக்கறை என்ற சொல்லை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ளமாட்டார்கள். வெளிநாட்டு வாங்குபவருக்கும் தேவைப்படுவது நடைமுறைதான்.

அதே நேரம், நடைமுறை முழுவதையும் குரலில் சொல்ல முயன்றாலும் கெட்டுப்போகும். க்ரோம் மீட்பு, படிவுத் தொட்டி, உயிரியல் சுத்திகரிப்பு, ஆர்.ஓ., எவாப்பரேட்டர் என்று பன்னிரண்டு விநாடியில் ஐந்து பெயர் சொன்னால் ஒன்றும் நிற்காது. தொட்டிகளின் பெயரைத் திரையில் எழுத்தாகப் போடுங்கள், ஒவ்வொன்றும் அதனதன் ஷாட்டில். குரல் மொத்தத்துக்கும் ஒரே சேதி சொல்லட்டும்: "இங்கே பயன்படும் தண்ணீர் வெளியே போவதில்லை. சுத்தமாகி, மறுபடி டிரம்முக்கே வருகிறது." ஆறேழு விநாடி, மிச்சம் தண்ணீர்ச் சத்தம். ஆனால் இந்த வரியை எழுதும் முன் அந்த நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியரிடம் நேரில் கேளுங்கள். ஆர்.ஓ.வில் வரும் நல்ல தண்ணீர் டேனரிக்கே திரும்புகிறதா, ஒதுங்கும் உப்புத் தண்ணீர் எவாப்பரேட்டருக்குப் போகிறதா, அல்லது கழிவுநீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறதா? பதிலுக்கு ஏற்ப வரி மாறவேண்டும். இல்லாததைச் சொன்னால் பின்னால் கம்பெனிதான் மாட்டும், அப்போது ஸ்கிரிப்ட் எழுதியது யார் என்ற கேள்வியும் வரும்.

வேலை வரிசையைப் பற்றியும் சொல்லவேண்டும். கல்யாண வீடியோவில் எடிட்டை முடித்து பாட்டை ஏற்றிப் பழகிய கை, இங்கேயும் படத்தை முடித்துவிட்டு குரலை ஏற்றப் பார்க்கும். அப்படிச் செய்யாதீர்கள். ரஃப் கட் வந்ததும் ஸ்கிரிப்ட் எழுதி, நீங்களே போனில் பேசி கைடு ட்ராக் ஒன்று போட்டு டைம்லைனில் வையுங்கள். குரல் நன்றாக இருக்கவேண்டியதில்லை, வேகம் மட்டும் சரியாக இருக்கட்டும். பேசும்போது வாய்க்குள் சத்தமில்லாமல் படிக்காதீர்கள். வாய்விட்டு, ஆர்ட்டிஸ்ட் பேசும் நிதானத்தில் பேசவேண்டும். மனதுக்குள் படித்தால் எல்லா வரியும் அடங்கிவிடும், அதுதான் ஏமாற்றுவது. 'தோல் தொழில்துறையின் தொழில்நுட்ப வளர்ச்சி' மாதிரி நாக்கு உருளும் இடங்களும் அப்போதுதான் பிடிபடும். கைடு ட்ராக்கோடு படத்தை நாலைந்து முறை ஓட்டி, ஷாட்டை நீட்டுவது, குறைப்பது எல்லாம் முடித்து, கம்பெனி பார்த்துச் சரி என்ற பிறகு படத்தை லாக் செய்யுங்கள். அதற்கப்புறம்தான் ஆர்ட்டிஸ்ட்.

அப்படியும் ஒரு காட்சியில் வரி அரை விநாடி மிஞ்சும். முதலில் எழுத்தைக் குறையுங்கள். முடியவில்லை என்றால் ஷாட்டை நீட்டுங்கள். அதுவும் இல்லையென்றால் குரலை முந்தைய காட்சியின் கடைசி விநாடியிலேயே தொடங்கிவிடுங்கள், காது முன்னால் போய் கண்ணைக் கூப்பிடும். நல்ல எடிட்டர்கள் இதை வேண்டுமென்றே செய்வார்கள். மென்பொருளில் குரலை வேகப்படுத்துவது கடைசி வழி. ஐந்து சதவிகிதத்தைத் தாண்டினால் காதில் தெரிய ஆரம்பிக்கும்.

ஆங்கிலப் பதிப்பும் இதே படத்தின் மேல் வரப்போகிறதா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். ராணிப்பேட்டையில் பெரும்பாலும் வரும். ஒரே விஷயத்தைச் சொல்ல தமிழுக்குப் பொதுவாக நேரம் கூடுதலாக ஆகும். அதனால் தமிழ் கைடு ட்ராக்கை வைத்து படத்தை லாக் செய்தால் ஆங்கிலம் தாராளமாக உட்காரும், மிஞ்சும் இடத்தில் சத்தமும் இசையும் இருந்துவிட்டுப் போகட்டும். தலைகீழாகச் செய்தால் தமிழ் ஆர்ட்டிஸ்ட் பாவம். மொத்தத்தில் 180 விநாடிப் படத்தில் குரல் 110, 120 விநாடிக்கு மேல் போகாமல் பாருங்கள். தையல் மெஷின் வரிசையின் சத்தம், டிரம் உருளும் சத்தம், ஷிஃப்ட் சங்கு, இவற்றுக்கு இடம் வேண்டும்.

ஆர்ட்டிஸ்டுக்கு அனுப்பும் தாளில் ஒவ்வொரு காட்சிக்கும் தொடங்கும் நேரம், முடியும் நேரம், திரையில் என்ன, வரி, எழுத்து எண்ணிக்கை எல்லாம் இருக்கட்டும். எண்களை இலக்கமாக எழுதாமல், எப்படிச் சொல்லவேண்டுமோ அப்படியே எழுத்தால் எழுதுங்கள். சின்ன நிறுத்தத்துக்கு ஒரு சாய்கோடு, பெரியதற்கு இரண்டு. அழுத்தம் வேண்டிய சொல்லுக்கு அடிக்கோடு, ஒரு வாக்கியத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். தொழில் சொற்களுக்குத் தனி ஏற்பாடு தேவை. தமிழ் எழுத்தில் 'பேக்கிங்' என்று எழுதினால் அது பெட்டியில் அடைப்பதா, கேக் சுடுவதா என்று சென்னையில் உட்கார்ந்திருக்கும் ஆர்ட்டிஸ்டுக்குத் தெரியாது. வெட் ப்ளூ, க்ரஸ்ட், ஸ்கைவிங், வாங்கும் பிராண்டுகளின் பெயர், கம்பெனியின் பெயர் எல்லாவற்றையும் கம்பெனி ஆளையே சொல்லவைத்து ஒரு நிமிட ஆடியோவாக தாளோடு சேர்த்து அனுப்பிவிடுங்கள். கம்பெனி பெயரை முதலாளி சொல்லும் விதத்தில்தான் சொல்லவேண்டும், அகராதிப்படி அல்ல.

பதிவின்போது கூடவே சில உதிரி வரிகளையும் வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனி பெயர் மட்டும் மூன்று விதமாக. ஜோடிகளின் எண்ணிக்கை உயர வாய்ப்பிருந்தால் மூவாயிரம், நாலாயிரம் இரண்டும். ஆண்டு இல்லாமல் ஒரு தொடக்க வரி. அதே நாள், அதே மைக், அதே தொண்டை என்றால்தான் பின்னால் ஒட்டினாலும் தெரியாது. ஒரு மாதம் கழித்து அதே ஆளையே கூப்பிட்டாலும் குரல் வேறு மாதிரிதான் வரும்.

கடைசியாகத் திருத்தங்கள். ஸ்கிரிப்டை அனுப்பியதும், நீங்கள் கழற்றிய 'உலகத் தரம் வாய்ந்த' எல்லாம் சிவப்பு மையில் திரும்பி வரும். மறுநாள் "தாத்தா பேரையும் ஒரு வரி சேர்த்துடுங்க" என்பார்கள். வாக்குவாதம் செய்யவேண்டாம். எழுத்துக் கணக்குள்ள அந்தத் தாளையே அனுப்பி, "இந்தக் காட்சியில் 37 எழுத்துக்குத்தான் இடம் பாய், 34 போட்டிருக்கிறோம். தாத்தா பெயரோடு பதினைந்து கூடும். கட்டிங்கில் எதை எடுக்கலாம், அல்லது தொடக்கத்தில் அவர் போட்டோவுக்கு மூன்று விநாடி கூட்டலாமா?" என்று கேளுங்கள். தோலைச் சதுர அடிக் கணக்கில் வாங்கி விற்பவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரியும். பெரும்பாலும் போட்டோவுக்குச் சரி என்பார்கள். அந்த மூன்று விநாடியைக் கைடு ட்ராக்கிலும் கூட்டி, பின்னால் வரும் காட்சிகளின் நேரத்தையெல்லாம் தாளில் மாற்றி எழுதிவிட்டு ஆர்ட்டிஸ்டுக்கு அனுப்புங்கள்.